படிக்க முடியாதவருக்கு ஒரு சமர்ப்பணம்



தம்பி இன்று வெளியிடும் முதல் நாவலைப் பற்றிப் பேச எனக்குப் பின்னால் வல்லவர்கள் இருக்கிறார்கள். நான் சமர்ப்பணப் பக்கத்தோடு நின்றுகொள்கிறேன். பதிப்பு விவரத்துக்கும் முன்னுரைக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பக்கத்தை நம்மில் பலர் பார்க்காமலே புரட்டிவிடுவோம். தன்னைப் படிக்கவைத்த, எழுத்தறியாத அம்மாவுக்கு இந்தப் புத்தகம் என்று தம்பி அங்கே எழுதியிருக்கிறார். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னொரு புத்தகத்தின் முதல் பக்கம் நினைவுக்கு வந்தது. ஆல்பெர் காம்யுவின் ‘முதல் மனிதன்’. ‘அந்நிய’னைத் தமிழில் தந்த வெ. ஸ்ரீராம்தான் இதையும் நமக்குத் தந்தார்.

1960 ஜனவரி 4. பிரான்சில் வில்பிளவன் என்ற ஊர் அருகே ஒரு கார் மரத்தில் மோதியது. காம்யு அங்கேயே இறந்தார். அவருடைய பையில் 144 பக்கக் கையெழுத்துப் பிரதி ஒன்று கிடைத்தது. முடிக்கப்படாத நாவல், பல இடங்களில் நிறுத்தக்குறிகூட இல்லாமல் அவசரமாக எழுதிச் சென்றது. முடியாத அந்த நாவலுக்குச் சமர்ப்பணம் மட்டும் எழுதப்பட்டிருந்தது. அது அவருடைய அம்மாவுக்கு. இந்தப் புத்தகத்தை ஒருநாளும் படிக்க முடியாத உனக்கு என்று, நேருக்கு நேர் நின்று சொல்வதுபோல எழுதியிருக்கிறார்.

அந்த அம்மாவின் பெயர் காத்ரின். அல்ஜியர்ஸ் நகரில் பெல்கூர் என்னும் உழைப்பாளர் பகுதியில் வாழ்ந்தவர். கணவர் முதல் உலகப்போரில் மார்ன் போர்க்களத்தில் காயப்பட்டு, 1914 அக்டோபரில் இறந்தார். அப்போது காம்யுவுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. காத்ரினுக்குக் காது சரியாகக் கேட்காது, பேச்சும் தடுமாறும், எழுத்தறிவு கிடையாது. இரண்டு பையன்களோடு தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டார். ஊரார் வீடுகளைக் கழுவித் துடைத்து வந்த கூலியை அப்படியே தன் தாயிடம் கொடுப்பார். வீட்டில் பாட்டி வைத்ததுதான் சட்டம். பையன்கள் தப்புச் செய்தால் சாட்டைதான்.

பாட்டியின் கணக்கு எளிமையானது: ஆரம்பப் பள்ளி முடிந்ததும் பையன் வேலைக்குப் போகவேண்டும். மேல்நிலைப் பள்ளி என்றால் இன்னும் ஆறு ஆண்டு. அந்த ஆறு ஆண்டும் அவன் சம்பாதிக்கமாட்டான், சாப்பிட மட்டும் செய்வான். பாட்டியைக் கொடுமைக்காரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த மாத வாடகையை எண்ணிக்கொண்டிருப்பவர் அப்படித்தான் கணக்குப் போடுவார். படிப்புக்கான செலவு என்று நாம் கட்டணத்தையே நினைக்கிறோம். கட்டணத்தை உதவித்தொகை பார்த்துக்கொள்ளும். வராமல் போகும் கூலிக்கு யாரும் உதவித்தொகை தருவதில்லை. அதை வீட்டில் யாராவது ஒருவர் தன் உடம்பால் ஈடுகட்ட வேண்டும்.

இந்த இடத்தில் லூயி ஜெர்மேன் என்ற ஆசிரியர் வந்தார். தானே வீடு தேடிவந்து பாட்டியிடம் பேசினார். உதவித்தொகைத் தேர்வுக்குத் தன் நேரத்தில், காசு வாங்காமல் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1924-இல் பையன் தேறினான். 1957-இல் நோபல் பரிசு கிடைத்தபோது காம்யு அந்த ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். செய்தி கேட்டதும் முதலில் அம்மாவையும் அடுத்து உங்களையும்தான் நினைத்தேன் என்ற கருத்தில் அமைந்த கடிதம் அது. பரிசு பெற்றபோது ஆற்றிய உரைகளை ஆசிரியருக்கே சமர்ப்பித்தார். ஆசிரியர் அந்த நூலைப் படித்திருக்க முடியும். அம்மாவுக்கு என்ன கொடுப்பது?

நியாயமாக ஒரு கேள்வி கேட்கலாம். பையனைப் படிக்கவைக்கும் முடிவை எடுத்தவர் பாட்டி. அவரை இசையவைத்தவர் ஆசிரியர். அம்மா அந்த வீட்டில் வாய்திறந்து எதையும் நடத்தியவர் இல்லை. பிறகு சமர்ப்பணம் ஏன் அவருக்கு? விடை அந்த ஆறு ஆண்டுகளில் இருக்கிறது. பையன் விடியற்காலையில் டிராம் ஏறிப் பள்ளிக்குப் போனான். அம்மா மண்டியிட்டு இன்னொருவர் வீட்டுத் தரையைத் தேய்த்தார். பாட்டி சம்மதித்தார், அந்தச் சம்மதத்தின் விலையை நாள்தோறும் கட்டியவர் அம்மா.

அந்தப் படிப்பு அவரிடமிருந்து மகனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தது என்பதையும் நாவல் மறைக்கவில்லை. பள்ளியில் ஒரு படிவம். பெற்றோரின் தொழில் என்ன என்று கேட்கிறது. வீட்டைக் கவனிப்பவர் என்று எழுதுகிறான் நாவலின் சிறுவன். அது சரியில்லை, வீட்டு வேலைக்காரி என்றுதான் எழுதவேண்டும் என்கிறான் நண்பன். எழுதத் தொடங்கும்போதே வெட்கம் வந்துவிடுகிறது. அடுத்த நொடி, வெட்கப்பட்டதற்காக இன்னொரு வெட்கம். முதல் தலைமுறையாகப் படித்த ஒவ்வொருவருக்கும் அந்தப் படிவம் தெரியும். நம் ஊர்ப் பள்ளிகளிலும் அந்தக் கட்டத்தின் மேல் பேனா கொஞ்ச நேரம் நின்றிருக்கிறது.

வீட்டில் அந்தச் சிறுவன் விளக்கடியில் நூலகப் புத்தகம் படிக்கும்போது அம்மா பக்கத்தில் வருவார். பக்கத்தை உற்றுப் பார்ப்பார். உழைத்துக் காய்த்த விரலால் தாளைத் தடவிப் பார்ப்பார். தன் உழைப்பு எதை வாங்கியது என்று அவரால் அவ்வளவுதான் அறிய முடிந்தது.

ஆகையால் அந்தச் சமர்ப்பணத்தை நான் வெறும் நன்றியாகப் படிப்பதில்லை. நன்றி மட்டும் சொல்வதென்றால் “அன்பு அம்மாவுக்கு” என்று எழுதினால் போதும். அப்படி எழுதப்பட்ட ஆயிரம் பக்கங்களில் எந்த அம்மாவுக்கும் முகம் கிடையாது. காம்யு உண்மையை எழுதினார்: நீ கொடுத்தது என்னை வந்து சேர்ந்தது, நான் கொடுப்பது உன்னை வந்து சேராது. கடன் அடைந்துவிட்டதாக அவர் நடிக்கவில்லை. அதே பக்கத்தில் அம்மாவின் பெயரையும் எழுதியிருக்கிறார், ‘விதவை காம்யு’ என்று. நாவலில் குடும்பத்துக்கு வேறு பெயர் வைத்தவர், அந்த இடத்தில் அரசுத் தாள்களில் அம்மாவுக்கு இருந்த பெயரை அப்படியே வைத்திருக்கிறார்.

காம்யு இறந்த அதே ஆண்டு செப்டம்பரில் அந்த அம்மாவும் அல்ஜியர்ஸில் இறந்தார். கையெழுத்துப் பிரதியை மனைவி தட்டச்சு செய்தார். ஆனால் அல்ஜீரியப் போரை ஒட்டிக் காம்யுமீது எதிர்ப்பு கடுமையாக இருந்த காலம் அது. முடியாத நாவலை வெளியிட்டால் அவரைத் தாக்கவே பயன்படும் என்று நெருங்கியவர்கள் அஞ்சினார்கள். மகள்தான் 1994-இல் காலிமார் பதிப்பகம் வழியாக அதை வெளிக்கொண்டுவந்தார். 34 ஆண்டுகள் கழித்து உலகமெல்லாம் அந்தப் பக்கத்தைப் படித்தது.

காம்யு தன் அம்மாவைப் பற்றி இத்தனை எழுதியும், “அப்படி இல்லையடா, நடந்தது வேறு” என்று சொல்லும் வாய்ப்பு அந்த அம்மாவுக்குக் கிடைக்கவே இல்லை. தம்பி, உங்கள் அம்மா இதோ முன்வரிசையில் இருக்கிறார். நம் வழக்கப்படி முதல் பிரதியைப் பெரிய மனிதர்கள் பெற்றுக்கொள்ளட்டும். ஆனால் இன்று வீட்டுக்குப் போனதும், அவர் வரும் அத்தியாயங்களை உரக்க வாசித்துக் காட்டுங்கள். ஒரே இரவில் முடியாது, நாள்கள் ஆகட்டும். அவர் தவறு என்று எதைச் சொல்கிறாரோ, அதைப் புத்தகத்தின் ஓரத்தில் குறித்துவைத்து இரண்டாம் பதிப்பில் திருத்துங்கள். பதிப்பாளர் இங்கே இருக்கிறார். அதற்கு இடம் தருவதாக இந்த மேடையிலேயே அவர் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.