பெயரும் வினையும்

அரியாலையில் விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் நிலத்தடி நீரைக் கற்பிக்கப் பத்துப் படவில்லைகளை ஆயத்தஞ் செய்திருக்கிறார் எனக் கொள்க. சுண்ணக்கல், நன்னீர்ப் படை, உவர்நீர் எனத் தலைப்புகள் யாவும் பெயர்ச்சொற்களே. அவற்றைக்கொண்டு, "மாணவர் நிலத்தடி நீரை அறிந்துகொள்வர்" என்று கற்றற்பேறு எழுதுகிறார். அறிதல் உள்ளத்துள் நிகழ்வது. அதற்குப் புள்ளியிடுவது எங்ஙனம்?

கண்ணுக்குப் புலனாகும் ஒரு வினை வேண்டும். "அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராவதன் காரணத்தை மாணவர் விளக்குவர்" என்று எழுதினால், கணிப்பீட்டு நியதிகளும் உடன் பிறக்கின்றன. நன்னீர் அடர்த்தி குறைந்ததாதலின் உவர்நீரின்மேல் நிற்கிறது என்றால் ஒரு புள்ளி. இறைக்க இறைக்க அப்படை மெலிகிறது என்றால் மற்றொன்று. கீழுள்ள உவர்நீர் மேலெழுகிறது என்றால் இன்னொன்று. "இரு படைகளின் பெயர் தருக" என்ற வினா இப்பேற்றை அளவாது. அது விளக்கத்தைக் கேட்கவில்லை.

1956இல் புளூம் முதலியோர் வகுத்த கற்றல் நோக்கங்களின் வகைப்பாடு, 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பெயர்களை விட்டு வினைகளை ஏற்றது. எனினும் வினை மட்டும் போதாது. அவ்விளக்கம் முழுவதும் ஏழாவது படவில்லையிலேயே இருக்குமாயின், மாணவர் விளக்கவில்லை, ஒப்புவிக்கிறார். ஆகவே படவில்லையில் இல்லாததைக் கேட்க வேண்டும்: கடனீரேரிக் கரைக் கிணறு, உட்புறக் கிணறு ஆகியவற்றுள் எது முந்தி உவராகும், ஏன்? கரையில் நன்னீர்ப் படை மெல்லியது என்பதைத் தாமே எண்ணிச் சொல்பவரே விளக்கியவராவார்.