குறும்படமும் புதுமுக நடிகர்களும்



நடித்துப் பழகாதவர்களிடமிருந்து இயல்பான நடிப்பைப் பெறுவது எவ்வாறு? நான் கூற விரும்புவது ஒன்றே. அவர்களிடம் உணர்ச்சியைக் கேட்கக்கூடாது; செய்வதற்கு ஒரு வேலையைத் தரவேண்டும்.

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) படத்தில், நாணல் பூத்த வெளியில் அப்பு தன் அக்காவைத் தேடித் தயங்கித் தயங்கி நடக்கிறான். அச்சிறுவன் அதற்குமுன் நடித்தவன் அல்லன். ராய் அவனுக்குத் தயக்கத்தை விளக்கவில்லை. வழியில் சுள்ளிகளைப் போட்டுத் தாண்டி வரச் செய்தார்; உதவியாளர்களை ஆங்காங்கே மறைந்து நின்று அழைக்கச் செய்தார். கால் தயங்கியது, முகம் குரல் வந்த பக்கம் திரும்பியது. திரையில் அது தேடலாயிற்று.

தேர்வின்போது வசனத்தைப் படிக்கச் சொன்னால், நன்றாகப் படிப்பவர் யார் என்பது மட்டுமே தெரியும். இருவரை அமர்த்தி, ஒருவரைத் தம் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லச் செய்யுங்கள். கேமராவைக் கேட்பவர்மீது வையுங்கள். உண்மையாகக் கேட்கத் தெரிந்தவரே நமக்கு வேண்டியவர். கவியரங்கக் குரல் உடையவர் கடைசி வரிசைக்குப் பேசிப் பழகியவர். கேமராவோ கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது.

ஒத்திகைக்கு வருவோம். எங்கள் குறும்படம் ஒன்றில், கொடுத்த கடனைத் தங்கையிடம் அண்ணன் திரும்பக் கேட்கும் காட்சி. தங்கையாக நடித்த ஆசிரியை, ஒவ்வொரு வரிக்கும் முகத்தில் துயரத்தை வரவழைத்தார். அவரிடம் அரிசியும் முறமும் கொடுத்தோம். "அண்ணன் எழுந்து போவதற்குள் கல் பொறுக்கி முடித்துவிடுங்கள்" என்றோம். அண்ணனைத் தனியே அழைத்து, "பணம் இல்லாமல் எழுந்திருக்காதீர்கள்" என்றோம். எழுதிய வசனத்தைக் கையில் தரவில்லை. செய்தியைச் சொல்லி, அவரவர் வீட்டுப் பேச்சில் பேசச் சொன்னோம். "என் இயலாமையை நீங்கள் அறியாததா, அண்ணா?" என்று நான் எழுதியிருந்த வரி, "அடுத்த மாசம் பாக்கலாம்ணே" என்று வந்தது. அவர் தலை நிமிரவில்லை. விரல் மட்டும் ஒரு கணம் அரிசியில் நின்றது. வரி போயிற்று, காட்சி கிடைத்தது. கவிஞருக்கு இது எளிய இழப்பன்று.

மூன்றாம் முறையில் உயிரோடிருந்த அக்காட்சி, ஆறாம் முறையில் மங்கியது. கேள்வி முடியுமுன் பதிலுக்கு உதடு தயாராவதும், மௌனம் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விழுவதும் அதன் அறிகுறிகள். அங்கே ஒத்திகையை நிறுத்திவிட வேண்டும்.

இம்முறைக்கு எல்லை உண்டு. புதியவர் ஒருமுறை செய்ததை மறுமுறை அப்படியே செய்யமாட்டார். அண்மைக் காட்சியைப் பின்னர் எடுத்தால் கையும் சொல்லும் பொருந்தா. ஆகவே முழுக்காட்சியையும் வெட்டாமல் எடுத்துக்கொண்டு, கேட்பவர் முகத்தையும் முறத்தையும் தனியே எடுத்து வைத்தோம். படத்தொகுப்பில் பொருந்தாத இடங்களை அவை மூடின.

நம் வட்டத்தில் குறும்படத்திற்கு எழுத முன்வரும் கவிஞர்கள், வசனத்திற்கு முன்பாகப் பாத்திரத்தின் கைக்கு ஒரு வேலையை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.