"ஒண்ணும் வேண்டாம்" என்பவரிடம் எப்படிக் கேட்பது?

இன்று பட்டம் பெறும் செவிலியர்களே, தமிழிலேயே பேசலாம் என்று கல்லூரி முதல்வர் சொன்னது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பல நூற்றாண்டுகளுக்கு முன் வெட்டிய தமிழ்க் கல்வெட்டுகள் இந்தத் தொம்மலூரின் சொக்கநாத சுவாமி கோயிலில் இன்றும் இருக்கின்றன. இங்கே தமிழ் பேசுவது புதிதில்லை.

வார்டில் என் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவள் நான். இன்று ஒரே ஒரு விஷயத்தைப் பேச வந்திருக்கிறேன். எழுந்திருக்க முடியாமல் படுத்திருப்பவரிடம் போய் வணக்கம் சொல்லி, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்பது எப்படி? இதற்குப் பாடமா என்று நினைக்காதீர்கள். ஊசி போடுவதைப் போல இதையும் பழகித்தான் கற்க வேண்டும்.

நான் மாணவியாக இருந்தபோது எலும்பு முறிவு வார்டில் ஒரு பாட்டி இருந்தார். இடுப்பெலும்பு முறிந்து, காலில் எடை கட்டி, அறுவை சிகிச்சைக்காகக் காத்திருந்தார். யார் போய் "என்ன வேணும் பாட்டி?" என்று கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஒண்ணும் வேண்டாம் கண்ணு." நாங்களும் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். தலைமாட்டில் வைத்த தண்ணீர் வைத்தபடியே இருக்கும். மூன்றாம் நாள் சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகிவிட்டது. நாக்கு காய்ந்திருந்தது. அன்று மாலை பாட்டி போர்வையைப் பிய்த்துக்கொண்டு, அங்கே இல்லாத மகளைக் கூப்பிட ஆரம்பித்தார். வயதாகிவிட்டது, மனம் தடுமாறுகிறது என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் சொன்னார்கள்.

எங்கள் வார்டு சிஸ்டர் அந்தப் பேச்சைக் காதில் வாங்கவில்லை. தண்ணீர்க் கணக்கு எழுதும் தாளை எடுத்துப் பார்த்தார். டாக்டரிடம் சொல்லி டிரிப் போட ஏற்பாடு செய்தார். மறுநாள் காலை பாட்டிக்கு நினைவு தெளிந்ததும் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுத் தலைமாட்டில் உட்கார்ந்தார். தன் பெயரைச் சொன்னார். டிரிப் போடாத கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "பாட்டி, தண்ணி குடிக்கவே பிடிக்கலையா? இல்ல, குடிச்சா அப்புறம் வர்ற வேலையை நெனச்சுப் பயமா?"

பாட்டி வெகுநேரம் பேசவில்லை. சிஸ்டரும் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "அந்தத் தட்டு ஜில்லுனு இருக்கு. இடுப்பத் தூக்கும்போது உசுரு போகுது. ஆம்பளப் பிள்ளைங்க நடமாடுற இடத்துல எப்படிம்மா?"

மூன்று நாளாக எங்களில் ஒருவர் காதிலும் விழாத பதில் இது. அன்றே முன்பக்கம் தட்டையான பெட் பேன் வந்தது. அதை வெந்நீரில் கழுவித் துடைத்து, சூட்டைப் புறங்கையில் பார்த்த பிறகே வைத்தோம். வலி மாத்திரை கொடுத்து அரை மணி நேரம் கழித்து, நல்ல காலை மடக்கி, கட்டிலுக்கு மேலே தொங்கும் பிடியைப் பிடித்து அவரே கொஞ்சம் எழும்பும்படி பழக்கினோம். திரையை இழுத்துவிட்டு ஆயாம்மா மட்டும் உள்ளே இருந்தார். பாட்டி அன்று மாலை தானாகவே வெந்நீர் கேட்டார். குடத்துத் தண்ணீர் அவருக்கு எப்போதுமே ஒத்துக்கொள்ளாதாம். அதையும் அன்றுதான் தெரிந்துகொண்டோம்.

படுக்கையில் இருப்பவர் "ஒண்ணும் வேண்டாம்" என்றால், பெரும்பாலும் உங்களுக்குச் சிரமம் கொடுக்க விரும்பவில்லை என்றுதான் பொருள். "என்ன வேணும்?" என்று பொதுவாகக் கேட்டால், களைத்தவர் யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சிரமத்தை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். "வலிக்குதா? இந்தப் பக்கம் திரும்பிப் படுக்கலாமா, அந்தப் பக்கமா? வாயைக் கொஞ்சம் நனைக்கட்டுமா? ஒண்ணுக்கு வருதா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒரு கேள்விக்குப் பதில் வரும்வரை அடுத்ததைக் கேட்காதீர்கள். பக்கவாதத்தில் பேச்சு போனவரிடம் "ஆமான்னா என் கையை அமுக்குங்க" என்று சொல்லி, அவர் செயலிழக்காத கையைக் கொடுக்கச் சொல்லுங்கள். சொல்வது அவருக்குப் புரிகிறதா என்று தெரிய, பதில் உங்களுக்கு முன்பே தெரிந்த ஒரு கேள்வியை முதலில் கேட்டுப் பாருங்கள்.

கேட்பதற்கு முன்னால் கேஸ் ஷீட்டைப் பார்த்துவிடுங்கள். வாய்வழி எதுவும் தரக்கூடாது என்று எழுதியிருப்பவரிடம் "காபி வேணுமா?" என்று கேட்பது கொடுமை. விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு ஒரு மடக்குத் தண்ணீர்கூட நுரையீரலுக்குள் போய்விடலாம். அவர் தண்ணீர் கேட்டால், "இப்போ குடிக்கத் தர முடியாது, உதட்டையும் நாக்கையும் ஈரப் பஞ்சால துடைச்சு விடறேன்" என்று சொல்லி அதை உடனே செய்யுங்கள். முடியாததை "அப்புறம் தரேன்" என்று சொல்லாதீர்கள். படுத்திருப்பவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

இனி வணக்கம் சொல்வது பற்றி. இங்கிலாந்தில் கேட் கிரேஞ்சர் என்று ஒரு முதியோர் நல மருத்துவர் இருந்தார். புற்றுநோய் வந்து 2013இல் அவரே மருத்துவமனையில் படுத்திருந்தபோது, தன் உடலைத் தொட்டுச் சிகிச்சை செய்தவர்களில் பலர் பெயர்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தார். கட்டிலைத் தள்ள வந்த ஊழியர் தன் பெயரைச் சொன்னது அவர் மனத்தில் நின்றது. ஊழியர்கள் முதலில் தங்கள் பெயரைச் சொல்ல வேண்டும் என்று அவர் தொடங்கிய இயக்கம் பல நாடுகளுக்குப் பரவியது. 2016 ஜூலையில், 34 வயதில் அவர் இறந்தார். பெயரை எங்கே நின்று சொல்வது என்பதும் முக்கியம். காலடியில் நின்று பேசினால் படுத்திருப்பவர் கழுத்தைத் தூக்க வேண்டியிருக்கும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் முகம் இருட்டாகத் தெரியும். பக்கவாட்டில், அவர் கண்மட்டத்தில் முகத்தைக் கொண்டுவந்து பெயரைச் சொல்லுங்கள். கட்டில் எண்ணைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அம்மாவா, பாட்டியா, டீச்சரா, எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும் என்று அவரிடமே கேளுங்கள். நம் ஊர் வார்டில் கன்னடம், தெலுங்கு, உருது என்று எல்லா மொழியும் இருக்கும். "நோவு இதெயா? நீரு பேக்கா?" அளவுக்காவது ஒவ்வொன்றிலும் கற்றுவிடுங்கள்.

"மேடம், ஒரு ஷிப்டுக்கு இருபது பேரைப் பார்க்கணும், உட்கார நேரம் எங்கே?" என்று கேட்பீர்கள். உங்கள் சுமை எனக்குத் தெரியும், ஆள் போதாது என்பதும் உண்மை. ஆனாலும் அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் செய்து 2012இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். முதுகெலும்பு அறுவை சிகிச்சை ஆனவர்களை டாக்டர் நின்றபடியும் உட்கார்ந்தபடியும் பார்த்தார். உட்கார்ந்து பேசியது ஒரு நிமிடத்தை ஒட்டித்தான், நின்றதைவிடக் குறைவு. நோயாளிகளோ அவர் ஐந்து நிமிடம் இருந்ததாகச் சொன்னார்கள். உட்காருவதால் உங்கள் நேரம் கூடப்போவதில்லை.

கேட்டு அறிந்ததை எழுதியும் வையுங்கள். "வெந்நீர் மட்டும், இடப்பக்கம் சாய்ந்து படுக்கப் பிடிக்கும், பெட் பேனுக்கு ஆயாம்மா" என்று ஷிப்ட் மாறும்போது சொன்னால், இரவில் வருபவர் அதையே மறுபடி கேட்க வேண்டாம். இப்படிக் கேட்பதைக் கற்க ஓர் இடமும் சொல்கிறேன். பழைய விமான நிலையச் சாலையில் மாரத்தஹள்ளி தாண்டிப் போனால் கருணாஸ்ரயா இருக்கிறது. கடைசிக் கட்டப் புற்றுநோயாளிகளைக் கட்டணமில்லாமல் பார்த்துக்கொள்ளும் இடம், 1999 முதல் நடக்கிறது. குணப்படுத்த வழியில்லாத நிலையில் செவிலியர் கையில் மிஞ்சுவது "உங்களுக்கு என்ன வேணும்?" என்ற கேள்விதான். முடிந்தவர்கள் அங்கே போய்ப் பாருங்கள்.

இந்த மேடையிலும் கீழேயும் மருத்துவமனை நடத்துபவர்கள் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு ஸ்டூல், ஒரு திரை, வார்டுக்கு இரண்டு தட்டையான பெட் பேன் வாங்கிக் கொடுங்கள். மீதியை இந்தப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.