இரண்டாம் தவணை

கல்விக்கடன் பெற்றவர்களுள் பலரிடம் ஓர் எண்ணம் உண்டு. வங்கி கடனை அனுமதித்துவிட்டது. இனி ஆண்டுதோறும் பணம் தானாகவே கல்லூரிக்குப் போய்ச் சேரும் என்று நினைத்திருப்பார்கள். நடப்பது அதுவன்று. அனுமதி என்பது ஓர் எல்லையை வகுப்பதே. அவ்வெல்லைக்குள் ஒவ்வோர் ஆண்டின் பணத்தையும் நாம் கேட்டுப் பெறவேண்டும்.

ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். பொறியியற் கல்லூரியில் அவளுக்கு நான்காண்டுச் செலவு 6,00,000 ரூபாய், ஆண்டுக்கு 1,50,000. இந்திய வங்கிகள் சங்கத்தின் முன்மாதிரித் திட்டப்படி, நான்கு இலட்சத்திற்கு மேற்பட்ட கடனுக்கு, உள்நாட்டுப் படிப்பாயின் செலவில் நூற்றுக்கு ஐந்து பங்கை மாணவர் தம் கையிலிருந்து இடவேண்டும். ஆகவே வங்கி ஆண்டுக்கு 1,42,500 ரூபாயே தரும். எஞ்சிய 7,500 அவளுடைய பொறுப்பு.

முதலாண்டு முடிந்தது. கல்லூரியிலிருந்து கட்டண அறிவிப்பு வந்துவிட்டது. அவள் கிளை மேலாளருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுகிறாள். அதில் இருக்கவேண்டியவை சிலவே: கடன் கணக்கு எண், எத்தனையாம் ஆண்டின் தவணை, தொகை, கட்டணம் செலுத்தக் கடைசி நாள், கல்லூரிக் கணக்கின் பெயரும் எண்ணும், அக்கிளைக்குரிய பதினோரிலக்க ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு. அதன்பின், "இத்தொகையை என் சேமிப்புக் கணக்கில் வரவு வையாமல், மேற்கண்ட கல்லூரிக் கணக்கிற்கே நேரே அனுப்பவும், என் பதிவெண்ணைக் குறிப்பாகச் சேர்க்கவும்" என்று ஒரு வாக்கியம். கடைசியில் அவளும், உடன்கடனாளியாகிய தந்தையும் கையொப்பமிடுகிறார்கள்.

நேரே அனுப்புமாறு கேட்பது சலுகை கேட்பதாகாது. இயன்றவரை பணத்தைக் கல்வி நிறுவனத்திற்கே செலுத்தவேண்டும் என்று அத்திட்டமே சொல்லுகிறது. வீட்டுக் கணக்கிற்கு வந்த பணம், ஒரு மருத்துவச் செலவிலோ அறுவடைக் கூலியிலோ கரைந்துபோவது அரிதன்று. பிறகு கட்டணமும் நிற்கும், கடனும் நிற்கும்.

விண்ணப்பத்தோடு அவள் மூன்று தாள்களை இணைக்கிறாள். ஒன்று இவ்வாண்டின் கட்டண அறிவிப்பு. மற்றொன்று சென்ற ஆண்டின் மதிப்பெண் பட்டியல். மூன்றாவது, முதல் தவணைக்குக் கல்லூரி தந்த பற்றுச்சீட்டு. முன்பு கொடுத்த பணம் படிப்பிற்கே செலவாயிற்று, படிப்பும் தொடர்கிறது என்பதற்கு அவையே சான்று. ஒரு பாடத்தில் தோல்வியுற்றிருந்தால் பட்டியலை மறைப்பதால் பயனில்லை. மறுதேர்வு எப்போது என்பதை எழுதி, அடுத்த ஆண்டு வகுப்பில் சேர்ந்திருப்பதாகக் கல்லூரியின் சான்றையும் வைப்பதே நேர்வழி.

எப்போது கேட்பது? மிக முன்னதாகக் கேட்டால் வட்டி முந்திக்கொள்ளும். பணம் வெளியேறிய நாள் முதல் அதற்கு வட்டி உண்டு. வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொண்டால், 1,42,500 ரூபாய்க்கு மாதம் ஏறத்தாழ 1,188 ரூபாய் ஆகிறது. தாமதமாகக் கேட்டாலோ, அபராதம் வரும். கடைசி நாளுக்கு மூன்று நான்கு வாரம் முன்னர்க் கொடுத்து, நகலில் தேதியிட்ட ஒப்புதல் முத்திரை பெறுவது தக்கது.

இனித் தவறுகள் நேரும் இடம். மின்வழியில் பணம் கணக்கு எண்ணை நோக்கியே செல்கிறது. கல்லூரிக்கு ஒரு கணக்கும் விடுதிக்கு வேறொரு கணக்கும் இருப்பது உண்டு. எண் மாறினால் பணம் வங்கியை விட்டுப் போயிருக்கும். கல்லூரிப் பேரேட்டில் அவள் பெயருக்கு எதிரே நிலுவை நிற்கும். அவள் பங்கான 7,500 ரூபாயைச் செலுத்த மறந்தாலும் நிலை அதுவே. தேர்வு நுழைவுச்சீட்டு வாங்கப் போகும் நாளில்தான் அது தெரியவரும்.

ஆகையால் பணம் அனுப்பப்பட்டவுடன் வங்கியிடம் யு.டி.ஆர். எண்ணைக் கேட்டு வாங்குகிறாள். ஒவ்வொரு பணமாற்றத்திற்கும் உரிய தனி எண் அது. அதனைக் கல்லூரிக் கணக்குப் பிரிவில் காட்டினால், எந்தத் தொகை எவருடையது என்று தேடி எடுத்துவிடுவார்கள். தன் பங்கையும் செலுத்தி, முழுத் தொகைக்கும் பற்றுச்சீட்டு பெறுகிறாள். அதன் நகலை வங்கிக்குத் தருகிறாள்.

வங்கி வாளாவிருந்தால் என் செய்வது? முதலில் அவ்வங்கியிடமே எழுத்தில் முறையிடவேண்டும். முப்பது நாளில் மறுமொழி இல்லையெனில், அல்லது மறுமொழி மனநிறைவு தராவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை நாடலாம். அங்கே முதலிற் பயன்படுவது, தேதியிட்ட அந்த ஒப்புதல் நகல்.

நம் மாணவி இரண்டாம் ஆண்டின் பற்றுச்சீட்டை ஓர் உறையிலிட்டுப் பத்திரப்படுத்துகிறாள். அடுத்த ஆண்டு மூன்றாம் தவணையைக் கேட்கும்போது, விண்ணப்பத்தோடு இணைக்கவேண்டிய தாள்களுள் அதுவும் ஒன்றல்லவா?