நடுவில் எவரும் நிற்காத சராசரி: ஏற்புநிலை மதிப்பெண்களை ஆராயும் முறை



‘ஒவ்வொரு மாணவர்களும் வந்தார்கள்’ என்னும் தொடரை நீங்கள் அனைவரும் கேட்டிருப்பீர்கள். ‘ஒவ்வொரு’ என்பதன் பின் ஒருமையே வர வேண்டும் என்பது நாம் கற்பிக்கும் மரபு. ஆயினும் பேச்சிலும் எழுத்திலும் பன்மை வருவதைக் காண்கிறோம். விடைத்தாளில் இதற்கு மதிப்பெண் குறைப்பதா வேண்டாவா என்னும் வினா எழும்போது, மொழியைப் பயன்படுத்துவோரின் ஏற்புநிலையை அளந்து பார்ப்பது மொழியியலார் வழக்கம். தொடரைக் காட்டி, ‘முற்றிலும் ஏற்க இயலாது’ என்பதற்கு 1, ‘முழுமையாக ஏற்கத்தக்கது’ என்பதற்கு 5 என மதிப்பிடச் சொல்கிறோம். இவ்வாறு பெற்ற எண்களை வைத்து என்ன செய்யலாம், என்ன செய்யலாகாது என்பதே இன்றைய என் உரையின் பொருள்.

விளக்கத்திற்காக நானே அமைத்த ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஆசிரியர் பத்துப் பேர் இத்தொடரை மதிப்பிடுகின்றனர். மூவர் 1, ஒருவர் 2, ஐவர் 4, ஒருவர் 5 தருகின்றனர். மாணவர் பத்துப் பேரில் ஒருவர் 2, ஒருவர் 3, அறுவர் 4, இருவர் 5 தருகின்றனர். ஆசிரியர்களின் கூட்டுத்தொகை 30, சராசரி 3.0. மாணவர்களின் கூட்டுத்தொகை 39, சராசரி 3.9.

ஆய்வேடுகளில் இதற்கு அடுத்த வரி பெரும்பாலும் எனக்குத் தெரிந்ததாகவே இருக்கும்: ‘ஆசிரியர்கள் இத்தொடர் குறித்து நடுநிலையான கருத்துடையவர்கள்.’ பட்டியலை மீண்டும் பாருங்கள். ஆசிரியர்களில் ஒருவர்கூட 3 தரவில்லை. நால்வர் மறுக்கின்றனர், அறுவர் ஏற்கின்றனர். நடுவில் எவருமே இல்லாத இடத்தில் சராசரி ஒரு நடுநிலையாளரைப் படைத்துவிட்டது. இதை நம்பி, ‘ஆசிரியர்களுக்கு இதில் அழுத்தமான கருத்து இல்லை’ என்று முடிவு செய்தால் நிலைமையைத் தலைகீழாக விளங்கிக்கொண்டவர் ஆவோம். ஒரே விடைத்தாளுக்கு ஓர் ஆசிரியர் மதிப்பெண் குறைப்பார், மற்றவர் குறைக்கமாட்டார் என்பதே உண்மை நிலை. மாணவருக்கு இழப்பு நேர்வது அங்கேதான்.

பிழையின் வேர் யாது? 1 முதல் 5 வரை உள்ள இவ்வெண்கள் வரிசையை மட்டுமே காட்டுகின்றன. 4 என்பது 3ஐ விட உயர்ந்தது என அறிவோம். எவ்வளவு உயர்ந்தது என அறியோம். எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் என்னும் உளவியலறிஞர் 1946இல் அளவைகளை நால்வகையாகப் பிரித்தபோது இத்தகையதை வரிசை அளவை என்றார். சராசரி காண்பதற்கு நாம் எண்களைக் கூட்டுகிறோம். கூட்டும்போதே, 1க்கும் 2க்கும் உள்ள தொலைவும் 4க்கும் 5க்கும் உள்ள தொலைவும் ஒன்றே என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். ‘முற்றிலும் ஏற்க இயலாது’ என்பதற்கும் அடுத்த படிக்கும் உள்ள இடைவெளி மற்றவற்றைப் போல இருமடங்கு எனக் கொள்வோம். அப்போது 1க்குப் பதில் 0 எழுத வேண்டும். ஆசிரியர்களின் சராசரி 2.7 ஆகிவிடும், இரு குழுவினர்க்கும் இடையிலான வேறுபாடு 0.9இலிருந்து 1.2 ஆகிவிடும். ஒருவருடைய விடையும் மாறவில்லை. நாம் இட்ட எண்தான் மாறியது.

அப்படியானால் இடைநிலையைப் பயன்படுத்தினால் போதுமா? மதிப்புகளை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்பதை எடுப்பது இடைநிலை. வரிசையை மட்டுமே நம்புவதால் மேற்சொன்ன குறை இதற்கு இல்லை. பத்துப் பேரில் ஐந்தாமவரும் ஆறாமவரும் தந்ததைப் பார்க்கிறோம். ஆசிரியர்களிடம் இருவரும் 4; மாணவர்களிடமும் இருவரும் 4. இடைநிலை இரண்டிலும் ஒன்றே! முற்றிலும் மறுத்த மூன்று ஆசிரியர்கள் இடைநிலையின் கண்ணுக்குத் தெரியவே இல்லை. சராசரி இல்லாததைச் சொன்னது. இடைநிலை இருப்பதைச் சொல்லாமல் விட்டது. ஆகவே எதைக் கணக்கிடும் முன்பும், ஒவ்வொரு படிக்கும் எத்தனை பேர் என்னும் நிகழ்வெண் பட்டியலை ஆய்வேட்டில் அச்சிடுங்கள். ஐந்தே எண்கள், அரை வரி இடம் போதும்.

அடுத்து, இரு குழுக்களும் உண்மையில் வேறுபடுகின்றனவா என்னும் வினா. இதற்குப் பொருத்தமானது மான்–விட்னி சோதனை. அதன் உட்பொருள் எளியது. ஒவ்வொரு மாணவரையும் ஒவ்வோர் ஆசிரியரோடு இணைத்துப் பாருங்கள். நூறு இணைகள் கிடைக்கும். மாணவர் உயர்ந்த மதிப்புத் தந்த இணைகள் 49, ஆசிரியர் உயர்ந்த மதிப்புத் தந்தவை 18, சமமானவை 33. சமமானவற்றைப் பாதியாகப் பிரித்தால் மாணவர் பக்கம் 65.5. வேறுபாடே இல்லையெனில் 50ஐ எதிர்பார்ப்போம். இங்கே கூட்டலும் இல்லை, தொலைவும் இல்லை. எது உயர்ந்தது என்பது மட்டுமே கேட்கப்படுகிறது.

இச்சோதனை இடைநிலைகளை ஒப்பிடுகிறது என்று பலர் எழுதுகின்றனர். நம் எடுத்துக்காட்டே அதை மறுக்கிறது: இடைநிலைகள் ஒன்றாயிருந்தும் இணைகள் ஒரு பக்கம் சாய்ந்துள்ளன. ஆனால் இச்சாய்வு தற்செயலாகவும் வரக்கூடுமே? சமமதிப்புகளுக்கு உரிய திருத்தத்துடன் கணக்கிட்டால் பி-மதிப்பு ஏறத்தாழ 0.2 வருகிறது. குழுக்களிடையே வேறுபாடே இல்லாதபோதும் நூற்றில் இருபது முறை இந்த அளவோ இதைவிட மிகுதியாகவோ சாய்வு தோன்றும் என்பது இதன் பொருள். எனவே, ‘வேறுபாடு உண்டு’ என முடிவு கூற இத்தரவு போதாது. ‘வேறுபாடு இல்லை’ என்று எழுதுவதும் அதே அளவு தவறு. பத்துப் பேர் போதவில்லை என்பதே நேர்மையான முடிவு.

அதே ஆசிரியர்களே இரண்டு தொடர்களை மதிப்பிட்டால் சோதனையும் மாற வேண்டும். ‘ஒவ்வொரு மாணவரும் வந்தார்’ என்னும் தொடரையும் அவர்களுக்குக் காட்டுகிறோம் என்க. இப்போது ஒருவரை அவரோடேயே ஒப்பிடுகிறோம். எண்மர் இதற்கு உயர்ந்த மதிப்பும் ஒருவர் தாழ்ந்த மதிப்பும் தர, ஒருவர் சமமாகத் தந்தால், சமமானவரை நீக்கிவிட்டு எட்டுக்கு ஒன்று என்று கொள்வது குறிச் சோதனை. ஒன்பது முறை நாணயம் சுண்டினால் எட்டோ ஒன்பதோ ஒரே பக்கம் விழும் வாய்ப்பு 512இல் 20, அதாவது ஏறத்தாழ 0.04. வில்காக்சன் குறித்தரச் சோதனையையே பலர் இங்குப் பயன்படுத்துகின்றனர். அது மதிப்புகளைக் கழித்து, அவ்வேறுபாடுகளை வரிசைப்படுத்துகிறது. கழித்தவுடன் தொலைவு பற்றிய பழைய எடுகோள் பின்வாசல் வழியாக நுழைந்துவிடுகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பத்து ஆசிரியர்கள் தலைக்கு இருபது தொடர்களை மதிப்பிட்டால் இருநூறு மதிப்புகள் கிடைக்கும். ஆனால் இருநூறு ஆசிரியர்கள் கிடைப்பதில்லை. கண்டிப்பான ஆசிரியர் எல்லாத் தொடர்களுக்குமே குறைவாகத்தான் தருவார். இம்மதிப்புகளைத் தனித்தனியானவை எனக் கொண்டு மேற்கண்ட சோதனைகளுள் ஒன்றை நடத்தினால், இல்லாத உறுதி தோன்றும். அங்கே மதிப்பிடுவோரையும் தொடர்களையும் கணக்கில் கொள்ளும் வரிசைசார் கலப்பு மாதிரிகளை நாட வேண்டும். அதற்குப் புள்ளியியல் அறிந்த ஒருவரைத் தரவு திரட்டிய பின் அன்று, திரட்டுமுன் சென்று காணுங்கள்.

‘ஒவ்வொரு மாணவர்களும்’ என்பதற்கு மதிப்பெண் குறைப்பதா என்னும் வினாவுக்கு இவ்வெண்கள் விடை தந்துவிடவில்லை. ஆனால் பத்து ஆசிரியர்களில் நால்வர் ஒரு பக்கமும் அறுவர் மறுபக்கமும் நிற்கின்றனர் என்று தெரிந்தபின், திருத்துவோர் கூடி ஒரு முடிவுக்கு வந்த பிறகே விடைத்தாளைத் தொட வேண்டும் என்பதேனும் தெளிவாகிறது. 3.0 என்னும் சராசரி அதைச் சொல்லியிராது.