பிள்ளையார் எத்தனை கிலோ?

ஆவணி பிறந்துவிட்டால் கல்லாவி, ஊத்தங்கரைப் பக்கம் இளவட்டங்கள் கூடும் இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான்: "உங்க தெருப் பிள்ளையார் இந்த வருஷம் எத்தனை அடி?" எத்தனை கிலோ என்று யாரும் கேட்பதில்லை. ஒரு மண் சிலையின் தரத்தை எடை போட வேண்டுமானால் முதலில் கேட்க வேண்டியது அந்தக் கேள்வியைத்தான் என்பது என் கட்சி.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். சதுர்த்தி அன்று காலையில் மர அச்சில் ஈரக் களிமண்ணை அழுத்தி, பலகையில் தட்டிக் கொடுப்பார்களே, அந்த அரையடிப் பிள்ளையார் காய்ந்த பிறகு ஏறக்குறைய ஒரு கிலோ இருப்பார். உள்ளே முழுக்க மண். அதே உருவத்தை ஓர் அடிக்கு வளர்த்தால் எடை இரண்டு கிலோ ஆகாது. உயரம் இரண்டு மடங்கானால் அகலமும் தடிமனும் கூடவே இரண்டு மடங்காகின்றன. ஆகவே எடை எட்டு மடங்கு, ஏழெட்டுக் கிலோ. இரண்டு அடி என்றால் அறுபது கிலோவைத் தொடும். தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதனால்தான் பெரிய மண் சிலையை யாரும் கெட்டியாகச் செய்வதில்லை. மூங்கில் சட்டம் கட்டி, வைக்கோல் சுற்றி, அதன்மேல் மண் பூசுவார்கள். இல்லையென்றால் காகிதக்கூழும் மரவள்ளிக் கிழங்கு மாவும் கலந்து செய்வார்கள். மரவள்ளி நம் மாவட்டத்துப் பயிர்தான், வேறெங்கும் தேட வேண்டியதில்லை. 2018-ல் தமிழக அரசு போட்ட ஆணை, பீடத்தோடு சேர்த்து 10 அடிக்கு மேல் சிலை வைக்கக்கூடாது என்கிறது. அந்தப் பத்தடிக்குள் நிற்கும் பெரும்பாலான பிள்ளையார்கள் உள்ளே காலிதான்.

இப்போது கடையில் ஓரடிச் சிலை ஒன்றைக் கையில் எடுக்கிறீர்கள். ஒன்றரைக் கிலோகூட இல்லை, பூவாய் இருக்கிறது, முகமும் வழவழவென்று இருக்கிறது. அங்கே சந்தேகம் வர வேண்டும். கவிழ்த்து அடிப்பகுதியைப் பாருங்கள். நகத்தால் சுரண்டினால் வெள்ளைப் பொடி உதிர்கிறதா? அது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். நீர் பட்டு இறுகியபின் அது ஜிப்சம் ஆகிவிடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 2 கிராம் ஜிப்சத்தைத்தான் கரைக்கும். அந்த ஒன்றரைக் கிலோச் சிலை முழுக்கக் கரைய 700 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும், அதுவும் மாதக்கணக்கில் கிடந்து. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் திருத்தி வெளியிட்ட நெறிமுறைகள் அதை வேண்டாம் என்பது இதனால்தான். 2023 சதுர்த்திக்கு முந்தைய நாட்களில் இது நீதிமன்றம் வரை போனது நினைவிருக்கும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தனி நீதிபதி, விற்கலாம், நீர்நிலையில் கரைக்கக்கூடாது என்றார். மறுநாளே இரு நீதிபதிகள் அமர்வு அதற்குத் தடை போட்டது. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது.

அடிப்பக்கம் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் மட்டும் போதாது. சுட்ட மண்ணும் செம்பழுப்புத்தான். சூளையில் வெந்த மண் மறுபடி சேறாவதே இல்லை. ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடந்தும் கரையாமல் தொல்லியல்காரர்கள் தோண்டி எடுக்கும் ஓடுகள் அதற்குச் சாட்சி. "களிமண் சிலை" என்று கடைக்காரர் சொல்வது பொய்யில்லை, ஆனால் கேட்க வேண்டியது, "வெயிலில் காய்ந்ததா, சூளையில் வெந்ததா?" என்று. விரலால் சுண்டினால் கணீரென்றால் சுட்டது. மொத்தென்று கேட்டால் பச்சை மண். சிலர் வீட்டுப் பூசைக்கு வெள்ளைப் பளிங்குப் பிள்ளையார் வாங்குகிறார்கள். அதே ஓரடி உருவம் கெட்டிப் பளிங்கில் பத்துக் கிலோவைத் தாண்டும். தாண்டாவிட்டால் பளிங்குத் தூளைப் பிசினில் கலந்து வார்த்தது. அசல் பளிங்கானால் எலுமிச்சையும் தயிரும் அதன் மெருகைத் தின்றுவிடும். இதற்குமேல் பளிங்கு இன்றைய பேச்சில்லை.

வண்ணத்துக்கு வருவோம். பளிச்சிடும் மஞ்சளும் ஆரஞ்சும்தான் நான் முதலில் பயப்படும் நிறங்கள். அந்தப் பளபளப்பை மலிவாகக் கொடுப்பது பெரும்பாலும் ஈயக் குரோமேட். வீட்டுச் சுவருக்கு அடிக்கும் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2016-ல் விதி வந்தது. தொழிற்சாலைக்கும் வண்டிக்கும் அடிக்கும் பெயின்ட் அந்த விதிக்குள் வராது. ஓசூர் போன்ற தொழில் நகரம் பக்கத்தில் இருக்கும்போது அந்த வகை டப்பா கிடைப்பது அரிதில்லை. சிலை செய்பவர் எதைத் தொட்டு அடிக்கிறார் என்று பாருங்கள்.

ஈர வெள்ளைத் துணியால் சிலையின் முதுகில் ஓரமாகத் துடைத்தால் நிறம் ஒட்டிக்கொள்ள வேண்டும். மற்ற பொருளில் சாயம் போனால் சண்டைக்குப் போவோம். இங்கே சாயம் போகாவிட்டால்தான் சண்டை போட வேண்டும். தண்ணீர்த் துளி முத்தாக உருண்டு நின்றால் அது எண்ணெய்ப் பெயின்ட், மண்ணுக்குள் நீரை விடாது. ஆனால் துணியில் ஒட்டிவிட்டது என்பதாலேயே ஈயம் இல்லை என்று ஆகிவிடாது. வேலம்பிசினில் குழைத்த காவிக்கல், மஞ்சள், விளக்குக்கரி, அரிசிமாவு இவற்றை மட்டும் தொட்டவர் வேலை என்றால் நிம்மதி. மஞ்சள் வெயிலில் வெளுக்கும். வெளுக்கட்டும், மூன்று நாளைக்குத் தாங்கினால் போதும்.

எடுத்து வருவதில்தான் பாதிச் சிலை சேதமாகிறது. துதிக்கையின் வளைவு, மணிக்கட்டு, காது மடல் மூன்றும் மெலிந்த இடங்கள். அதிலும் கையைத் தனியாகச் செய்து ஒட்டிய இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வாங்குமுன் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். தூக்கும்போது இரண்டு உள்ளங்கையும் மணைப்பலகைக்கு அடியில் போக வேண்டும். காதைப் பிடித்துத் தூக்கினால் காது மட்டும்தான் கையில் வரும். குட்டி யானையில் ஏற்றினால் அடியில் வைக்கோலைத் தடிமனாகப் பரப்பி, நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைத்தால் குலுங்கும் ஒவ்வொரு வேகத்தடையும் கழுத்தில் இறங்கும். கை உடைந்துவிட்டால் ஈர மண்ணை அப்படியே அப்பாதீர்கள். காய்ந்த உடம்பு இனிச் சுருங்காது, ஒட்டிய ஈர மண் சுருங்கி மறுநாள் கழன்றுவிடும். உடைந்த விளிம்பை நனைத்து, காகிதக்கூழ் கலந்த குழைசேற்றால் ஒட்டினால் நிற்கும். பச்சை மண் சிலைக்கு அபிஷேகம் கூடாது. அருகம்புல்லால் நீர் தெளித்தால் போதும். விளக்கை ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

கரைப்பதில் ஒரு நுட்பம் உண்டு. நன்றாகக் காய்ந்த மண் சிலைதான் சீக்கிரம் கரையும். அதன் நுண்துளைகளுக்குள் நீர் பாயும்போது உள்ளிருக்கும் காற்று முட்டி, பொலபொலவென்று உதிர்த்துவிடும். அரை ஈரத்தில் இருப்பது பிடிவாதமாகக் கிடக்கும். ஆகவே மூன்றாம் நாள் அரையடிப் பிள்ளையாரை ஒரு வாளித் தண்ணீரில் இரவு இறக்கிவையுங்கள், காலையில் சேறாகியிருப்பார். வண்ணம் இயற்கையானதென்றால் அதைச் செடிக்கு ஊற்றலாம். அதற்குமுன் கண்ணுக்கு வைத்த குன்றிமணி இரண்டையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். துளைத்ததோ உடைந்ததோ குழந்தை வாயில் போனால் அது கொடிய விஷம்.