கூட்டில் இருக்கிறது சங்கதி: கிரியாட்டின் மாத்திரையும் சைவ உணவுக்காரர்களும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற மருந்தாளுநரான நம் உறுப்பினர் ஒருவர் பேசியது. வர முடியாதவர்களுக்காக எழுத்தில் தருகிறோம்.)

தலைவர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். குடிநீர்க் குழாய் விவகாரம் அடுத்து இருப்பதால் நீட்டாமல் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நடந்தது. அந்த வீட்டார் அனுமதி கொடுத்ததால்தான் இங்கே பேசுகிறேன். பேரனுக்கு இருபத்தொரு வயது. காவலர் தேர்வுக்கான உடற்தகுதிச் சோதனைக்காகக் காலையில் ஓட்டம், மாலையில் ஜிம். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா ஊருக்கு வந்தபோது அவனுக்கு இரண்டு டப்பா கிரியாட்டின் கேப்சூல் கொண்டு வந்து கொடுத்தார். ஒரு நாளைக்கு ஆறு கேப்சூல் என்று இரண்டு மாதமாகச் சாப்பிட்டு வந்தான். அந்த வீட்டு அப்பத்தா தீட்சை வாங்கிய சைவக்காரர். முட்டை போட்ட கேக் பரிமாறிய தட்டைக்கூடத் தனியாக வைக்கச் சொல்பவர். பேரனும் சைவம்தான். ஒரு நாள் அப்பத்தா கேப்சூலைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "இந்தக் கூடு எதுல செஞ்சதுடா?" என்று கேட்டிருக்கிறார். அவனுக்குத் தெரியவில்லை. டப்பாவோடு என்னிடம் வந்தான்.

பின்பக்கத்தில், சத்துப் பட்டியலுக்கும் கீழே, பொடி எழுத்தில் இதர சேர்மானங்கள் என்று ஒரு வரி இருந்தது. அதில் முதல் சொல்லே ஜெலட்டின். பக்கத்தில் போவைன் என்று இருந்தது. மாட்டினம் என்று அர்த்தம். அதைப் படித்துச் சொன்னதும் பையன் முகம் விழுந்துவிட்டது. "அப்பத்தாகிட்ட எப்படிச் சொல்றது ஐயா?" என்றான். நான்தான் போய்ச் சொன்னேன்.

ஜெலட்டின் எப்படி வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாட்டு எலும்பை உடைத்துக் கொழுப்பை நீக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊற வைப்பார்கள். சுண்ணச்சத்து கரைந்துபோய், வளைகிற மாதிரி ஒரு சக்கை மிஞ்சும். அதைச் சுண்ணாம்பு நீரில் வாரக்கணக்கில் போட்டு, கழுவி, வெந்நீரில் காய்ச்சினால் இறங்குவதுதான் ஜெலட்டின். பன்றித் தோலிலிருந்தும் மீன் தோலிலிருந்தும்கூட எடுக்கிறார்கள். அந்தக் கரைசலில் உலோக ஊசிகளை முக்கி எடுத்து, மேலே படிந்த படலத்தைக் காய வைத்து உருவினால் கேப்சூல் கூடு. வேறு எந்த நாட்டிலோ நடக்கிற காரியம் என்று நினைக்க வேண்டாம். நம் கடலூரிலேயே ஜெலட்டின் ஆலை இருக்கிறது.

"ஒரு துளி கூடுதானே, அதுல என்ன வந்துச்சு?" என்று சிலர் கேட்பார்கள். வைட்டமின் கேப்சூலுக்கு வேண்டுமானால் அப்படிக் கேட்கலாம். கிரியாட்டின் விஷயம் வேறு. வைட்டமின் மில்லிகிராம் கணக்கில் போதும், ஒரு கேப்சூலில் அடங்கிவிடும். கிரியாட்டின் ஒரு நாளைக்கு 3 முதல் 5 கிராம் வேண்டும். விழுங்கக்கூடிய பெரிய கூடு இரட்டைச் சைபர் அளவு. அதில் முக்கால் கிராம் தூள் கொண்டால் அதிகம். ஆகவே ஆறு, ஏழு என்று விழுங்க வேண்டியிருக்கிறது. காலிக் கூடு ஒன்றின் எடை கிட்டத்தட்ட 0.12 கிராம். ஆறு கூடு என்றால் தினம் 0.7 கிராம். பையன் அறுபது நாளில் சாப்பிட்ட கூடு மட்டும் நாற்பது கிராமுக்கு மேல் வருகிறது, ஒரு எலுமிச்சம்பழத்தின் எடை. ஒரு வருடம் தொடர்ந்தால் கால் கிலோவைத் தாண்டும். சைவம் பார்ப்பவருக்கு இது துளி இல்லை.

அப்பத்தா அடுத்துக் கேட்டதுதான் நல்ல கேள்வி. "கூடு கெடக்கட்டும். உள்ள இருக்கிற மாவு? அதுவும் கறியில இருந்து எடுக்கிறதுதானாமே?"

பாதி சரி. 1832-ல் செவ்ரோல் என்ற பிரெஞ்சு வேதியியலார் இறைச்சிச் சாற்றில்தான் இதை முதலில் கண்டுபிடித்தார். கிரேக்க மொழியில் இறைச்சிக்கு உள்ள சொல்லையே பெயராகவும் வைத்துவிட்டார். ஆனால் இன்று கடையில் விற்கும் கிரியாட்டின் மோனோஹைட்ரேட் இறைச்சியிலிருந்து எடுப்பது இல்லை. சார்கோசின், சயனமைடு என்ற இரண்டு ரசாயனங்களைத் தொழிற்சாலையில் வினைபுரிய வைத்துத் தயாரிக்கிறார்கள். இறைச்சியிலிருந்து பிரிப்பது கட்டுப்படியாகாது. ஒரு கிலோ மாட்டிறைச்சியிலேயே நாலைந்து கிராம்தான் இருக்கும். அதோடு, நம் சிறுநீரகமும் கல்லீரலும் தினம் ஒரு கிராம் அளவுக்குத் தாங்களாகவே இதை உண்டாக்குகின்றன. அப்பத்தா உடம்பிலும் உண்டாகிறது. அசைவம் சாப்பிடுபவருக்கு உணவிலிருந்து இன்னொரு கிராம் சேரும். சைவர்களுக்கு அது கிடையாது, பாலில் உள்ளது மிகச் சொற்பம். அதனால் சைவர்களின் தசையில் கிரியாட்டின் இருப்பு சற்றுக் குறைவு, தூள் எடுத்தால் ஏறுவதும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வேடிக்கை பாருங்கள், இந்தப் பொருளால் அதிகம் பயன் பெறக்கூடியவர்களுக்கே இதை மாட்டெலும்புக் கூட்டில் அடைத்துக் கொடுக்கிறார்கள்.

ஆக, சிக்கல் கூட்டில்தான். கூடே இல்லாமல் வாங்கிவிட்டால் முக்கால்வாசி தீர்ந்தது. சுவையூட்டாத, வேறு எதுவும் கலக்காத கிரியாட்டின் மோனோஹைட்ரேட் தூள் வாங்குங்கள். சேர்மானப் பட்டியலில் அந்த ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். கேப்சூலைவிட விலையும் குறைவு. டப்பாவுக்குள் இருக்கும் கரண்டி எத்தனை கிராம் என்று பார்த்து அளந்துகொள்ளுங்கள். 200 மில்லி டம்ளர் தண்ணீரில் 3 கிராம் ஏறக்குறைய கரைந்துவிடும். 5 கிராம் போட்டால் அடியில் மணல் மாதிரி நிற்கும், அது கலப்படம் இல்லை. வெதுவெதுப்பான நீரில் சுலபமாகக் கரையும். கலக்கியதும் குடித்துவிடுங்கள். கரைசலாக நெடுநேரம் வைத்தால், அதுவும் எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பில் வைத்தால், கொஞ்சம் கொஞ்சமாகக் கிரியாட்டினினாக மாறிப் பயனற்றுப் போகும். முதல் வாரம் தினம் 20 கிராம் என்று ஜிம்மில் சொல்வார்கள். அவசியம் இல்லை. தினம் 3 கிராம் எடுத்தாலே நாலு வாரத்தில் தசை நிரம்பிவிடும்.

தூள் பிடிக்கவில்லை, பயணத்துக்குக் கேப்சூல்தான் வசதி என்பவர்களுக்கு எச்.பி.எம்.சி. கூடு இருக்கிறது. ஹைப்ரோமெல்லோஸ் என்றும் போட்டிருப்பார்கள், சேர்மான எண் 464. மரக்கூழ், பருத்தி நார் ஆகியவற்றின் செல்லுலோஸிலிருந்து வருவது. புல்லுலான் என்று இருந்தாலும் சைவமே, அது மாவுச்சத்தை நொதிக்க வைத்து எடுப்பது. மிட்டாய் மாதிரி மெல்லும் கம்மி வகையில் எச்சரிக்கை வேண்டும், பெரும்பாலும் அதன் உடம்பே ஜெலட்டின்தான். பெக்டின் என்று இருந்தால் சரி. மாத்திரை வில்லையில் கூடு இல்லை, ஆனால் மெக்னீசியம் ஸ்டியரேட் சேர்த்திருப்பார்கள். அது தாவரக் கொழுப்பிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும்.

இனி பச்சைப் புள்ளி. கிரியாட்டின் நம் நாட்டில் மருந்தாக அல்ல, உணவுச் சேர்மமாக விற்கப்படுகிறது. ஆகவே டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் பதினான்கு இலக்கத்தில் இருக்க வேண்டும். பச்சைக் கட்டத்துக்குள் பச்சை வட்டம் சைவம், பழுப்புக் கட்டத்துக்குள் பழுப்பு முக்கோணம் அசைவம். மாட்டு ஜெலட்டின் கூடு இருந்தால் உள்ளே எவ்வளவு சைவமான தூள் இருந்தாலும் பழுப்புதான் போட வேண்டும். சேர்மானம் தாவரமா விலங்கா என்பதை, அளவு எவ்வளவு குறைவானாலும், வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றமும் 2021 டிசம்பரில் உத்தரவிட்டது.

இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. முதலாவது, நம் பையனுக்கு நடந்தது. சித்தப்பா பெட்டியில் வருகிற டப்பாவில் பச்சையும் இருக்காது, பழுப்பும் இருக்காது. புள்ளி இல்லை என்றால் சைவம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இரண்டாவது, பச்சைப் புள்ளி பாலையும் தேனையும் தேன்மெழுகையும் அரக்கையும் அனுமதிக்கிறது. அரக்கு ஒரு பூச்சி தருவது. அதையும் தவிர்ப்பவர்கள் பச்சைப் புள்ளியோடு நிற்காமல், 2022-ல் வந்த விதிகளின்படி தரப்படும் வீகன் முத்திரையைத் தேட வேண்டும். சித்தன்னவாசல் இருக்கிற மாவட்டம் இது. எதை விலக்குவது என்ற கோட்டை ஆளுக்கு ஆள் வேறு இடத்தில் போடுவது நமக்குப் புதிதில்லை.

லேபிள் கிழிந்துபோனால் வீட்டிலேயே பார்க்க ஒரு வழி. கூட்டைப் பிரித்துத் தூளைக் கொட்டிவிட்டு, காலிக் கூட்டை நன்றாகக் கொதித்து இறக்கிய நீரில் போடுங்கள். ஜெலட்டின் சில நிமிடத்தில் இளகிக் கரைந்துவிடும். எச்.பி.எம்.சி. வெந்நீரில் கரையாது, சுருங்கிய தோலாக நிற்கும், நீர் ஆற ஆறத்தான் கரையும். இன்னொரு கூட்டை இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினால் ஜெலட்டினில் முடி கருகும் நாற்றம் வரும், செல்லுலோஸில் காகிதம் எரியும் வாசம். அப்பத்தா முன்னால் அடுப்படித் திண்ணையில் இதைச் செய்து காட்டினேன். முடி வாசம் வந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். எந்த விலங்கு என்பதை இந்தச் சோதனை சொல்லாது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துக் கேப்சூல்களில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். சில மருந்துகள் மெதுவாகக் கரைவதற்காகவே அப்படி அடைக்கப்பட்டவை, பிரித்துச் சாப்பிட்டால் ஆபத்து. மருந்துக்குப் பச்சைப் புள்ளி விதி கிடையாது. மனசு ஒப்பவில்லை என்றால் நிறுத்திவிடாமல், வில்லையாகவோ திரவமாகவோ கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கிரியாட்டினையும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். எடுப்பவர்கள் ரத்தப் பரிசோதனைக்குப் போனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கிரியாட்டினின் அளவு சற்று ஏறிக் காட்டும், சிறுநீரகம் கெட்டுவிட்டதோ என்று பயந்துவிடுவார்கள்.

மீதி இருந்த ஒன்றரை டப்பா என்ன ஆனது என்று செயலாளர் கேட்கிறார். கூட்டைப் பிரித்துத் தூளை மட்டும் சாப்பிடலாமா என்று பையன் கேட்டான். தூளில் குற்றமில்லை, கூட்டில் கிடந்த தூளை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் வீட்டு முடிவு என்றேன். அப்பத்தா மறுத்துவிட்டார். ஜிம்மில் அசைவம் சாப்பிடும் ஒரு நண்பனுக்கு அதைக் கொடுத்துவிட்டு, திருச்சியில் பச்சைப் புள்ளி போட்ட தூள் ஒரு டப்பா வாங்கி வந்தான். லேபிளை அப்பத்தாவுக்கு வரி வரியாகப் படித்துக் காட்டிய பிறகுதான் மூடியைத் திறந்தான். இப்போது தினம் காலையில் அவர்தான் வெந்நீர் வைத்துக் கொடுக்கிறார்.

யார் வீட்டிலாவது சந்தேகமான டப்பா இருந்தால் ஞாயிறு காலை என் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். கண்ணாடி போட்டுப் படித்துச் சொல்கிறேன்.